தொப்பை கரைந்தால் டெஸ்டோஸ்டிரோன் திரும்புமா?

வயது ஏற ஏற ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையும் என்பது பலரும் கேள்விப்பட்ட செய்தி. அந்தக் குறைவில் வயதுக்கு எவ்வளவு பங்கு, தொப்பைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்த்த பெரிய ஆய்வு ஐரோப்பாவில் நடந்தது. மான்செஸ்டர், ஃப்ளாரன்ஸ், மால்மோ, தார்த்து உள்ளிட்ட எட்டு நகரங்களில், 40 முதல் 79 வயது வரையுள்ள 3,300க்கும் அதிகமான ஆண்களின் ரத்தத்தை அது சோதித்தது. 2008ல் வெளியான கணக்குப்படி, வயது காரணமாக டெஸ்டோஸ்டிரோனின் மொத்த அளவு ஆண்டுக்கு 0.4 சதவீதம்தான் குறைந்தது. ஆனால் உடல் பருமன் உள்ள ஆண்களுக்கும் ஒல்லியான ஆண்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 145 நானோகிராம். பல பத்தாண்டு முதுமை எடுத்துக்கொள்ளும் அளவைவிட அதிகமாகவே பருமன் எடுத்துவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே ஆண்களில் 37 சதவீதம் பேர் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள். சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு, இந்தியப் பெரியவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாக 2023ல் சொன்னது. நம் உடல்வாகில் கை கால் மெலிந்திருக்க வயிறு மட்டும் முன்தள்ளுவது சகஜம். அதனால்தான் இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை 90 சென்டிமீட்டர் என்று குறைத்து வைத்திருக்கிறார்கள். அளக்கும் இடமும் முக்கியம். பேன்ட் பெல்ட் உட்காரும் இடத்தில் அளந்தால் தொப்பை கணக்கில் வராது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்டபின் டேப்பைச் சுற்ற வேண்டும்.

இன்று பல பரிசோதனைக் கூடங்களின் ‘ஃபுல் பாடி செக்கப்’ பட்டியலில் டெஸ்டோஸ்டிரோனும் ஒரு வரியாக இருக்கிறது. யாரும் கேட்காமலே வந்து விழும் அந்த எண் பலரைக் கலங்க வைக்கிறது. அதை எப்படிப் படிப்பது என்பதற்கு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். இவர் உண்மை மனிதர் இல்லை. மருத்துவர்கள் அடிக்கடி காணும் வகை எண்களை ஒன்றுசேர்த்து அமைத்த ஆள்.

மதுரையில் ஒரு துணிக்கடையின் கணக்காளர் என்று வைத்துக்கொள்வோம். வயது 38, உயரம் 170 சென்டிமீட்டர், எடை 98 கிலோ, இடுப்பு 112 சென்டிமீட்டர். சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று எழுதியிருக்கிறார்கள். மதியச் சாப்பாடு முடித்து, நாலு மணிக்குப் போய் ரத்தம் கொடுத்திருக்கிறார். டெஸ்டோஸ்டிரோன் 228 என்று வந்தது. பக்கத்திலேயே ‘குறைவு’ என்று தடித்த எழுத்து.

இந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து, மாலைக்குள் இறங்கும். சாப்பிட்டாலும் இறங்கும். 74 ஆண்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் கொடுத்துச் சோதித்தபோது அளவு சராசரியாகக் கால் பங்கு விழுந்ததாக 2013ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தூக்கம் கெட்டாலும் அப்படித்தான். சிகாகோவில் ஆரோக்கியமான பத்து இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது, பகல்நேர அளவு 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. ஆகவே காலையில், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாட்களில் இரண்டு முறையாவது பார்த்தபின்தான் குறைவு என்றே சொல்ல வேண்டும். காய்ச்சல், தொற்று என்று உடம்பு முடியாமல் கிடக்கும்போது பார்ப்பதும் வீண்.

நம் கணக்காளர் காலை ஏழரை மணிக்கு, வெறும் வயிற்றில் மறுபடி கொடுக்கிறார். இப்போது 290. பருமன் இல்லாத இளம் ஆண்களை வைத்து அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகள் சேர்ந்து வகுத்த கீழ் எல்லை 264. அமெரிக்க சிறுநீரகவியல் சங்கம் 300க்குக் கீழ் என்று எல்லை வைக்கிறது. இவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். இந்த இடத்தில் மருத்துவர் கேட்க வேண்டிய அடுத்த சோதனை எஸ்.எச்.பி.ஜி. பருமனான ஆணின் டெஸ்டோஸ்டிரோன் அறிக்கையை இது இல்லாமல் படிப்பது பாதி அறிக்கையைப் படிப்பதற்குச் சமம்.

எஸ்.எச்.பி.ஜி. என்பது கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் பாதிக்கு நெருக்கமான பங்கை இது இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். மீதி, ஆல்புமின் என்ற புரதத்தோடு தளர்வாக ஒட்டியிருக்கும். எதிலும் ஒட்டாமல், செல்களுக்குள் தாராளமாக நுழையக்கூடியது சுமார் 2 சதவீதம் மட்டுமே. இதைத்தான் அறிக்கைகளில் ‘ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்’ என்று போடுகிறார்கள். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, ரத்தத்தில் இன்சுலின் எப்போதும் உயர்ந்தே இருக்கும் உடம்பில் எஸ்.எச்.பி.ஜி. தயாரிப்பு குறைந்துபோகிறது. பற்றிக்கொள்ளும் புரதம் குறைவதால் மொத்த அளவு இறங்குகிறது. ஆனால் வேலை செய்யும் பகுதி அதே அளவுக்கு இறங்குவதில்லை.

கணக்காளரின் எஸ்.எச்.பி.ஜி. 14 நானோமோல் என்று வருகிறது. அந்த வயதுக்கு இது தாழ்ந்த எண். மொத்த அளவு, எஸ்.எச்.பி.ஜி., ஆல்புமின் மூன்றையும் வைத்து, மருத்துவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சூத்திரத்தில் போட்டால் ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு ஏறத்தாழ 290 பிக்கோமோல் கிடைக்கும். மேலே சொன்ன ஐரோப்பிய ஆய்வு குறைபாட்டுக்கு வைத்த எல்லை 220. அதாவது முதல் அறிக்கை எழுப்பிய அச்சத்தின் பெரும்பகுதி, கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதத்தின் குறைவால் வந்தது. அவருடைய விந்தகங்கள் ஓய்ந்துவிடவில்லை. (ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோனை நேரடியாக அளப்பதாகச் சொல்லும் மலிவான கிட் சோதனைகள் நம்பகமானவை அல்ல. கணக்கிட்டுப் பெறும் எண்ணே மேல்.)

இதோடு கதை முடிந்திருந்தால் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. எடை இன்னும் ஏறி, பி.எம்.ஐ. நாற்பதை நெருங்கும்போது ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோனும் விழத் தொடங்குகிறது. சர்க்கரை நோய் சேர்ந்தால் அதற்கு முன்பே விழலாம். அமெரிக்காவின் பஃபலோ நகரில் பரேஷ் தந்தோனாவின் குழு சர்க்கரை நோயுள்ள 103 ஆண்களைச் சோதித்து, அவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோனே குறைந்திருப்பதாக 2004ல் எழுதியது. அந்த ஆய்வின் கூர்மையான கண்டுபிடிப்பு வேறொன்று. டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தும், அதைச் சுரக்கச் சொல்லி மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்.எச். ஹார்மோன் அவர்களில் பெரும்பாலோருக்கு உயரவே இல்லை.

இதன் பொருளைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் விளங்கிவிடும். மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி விட்டுவிட்டுத் துடிப்பாக ஒரு சமிக்ஞையை பிட்யூட்டரிக்கு அனுப்புகிறது. பிட்யூட்டரி எல்.எச்.சை ரத்தத்தில் விடுகிறது. எல்.எச். விந்தகத்தை அடைந்ததும் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது. விந்தகம் பழுதாகியிருந்தால் பிட்யூட்டரி எல்.எச்.சை மேலும் மேலும் அனுப்பும். சோதனையில் அது எகிறியிருக்கும். டெஸ்டோஸ்டிரோனும் குறைவு, எல்.எச்.சும் அடக்கமாகவே இருக்கிறது என்றால் பிரச்சினை மேலே இருக்கிறது. கட்டளையே வலுவாக வரவில்லை. பருமனில் நடப்பது இதுதான். வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படியும் கொழுப்பு, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை ஓயாமல் கசியவிடுகிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் அளவுக்கு மிஞ்சி உயர்ந்து, மூளை அதற்குச் செவிசாய்ப்பதை நிறுத்திவிடுகிறது. இன்சுலின் சொல்லும் மூளையில் எடுபடுவதில்லை. இவையெல்லாம் சேர்ந்து ஹைபோதலாமஸின் துடிப்பை மந்தமாக்குகின்றன. குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் இருந்தால் இரவுச் சுரப்பு இன்னும் கெடுகிறது.

விந்தகம் நன்றாக இருக்கிறது, கட்டளைதான் மந்தமாகிவிட்டது என்பதால்தான் இந்தக் குறைவு திரும்பக்கூடியதாக இருக்கிறது.

இணையத்திலும் ஜிம்களிலும் வேறொரு விளக்கம்தான் அதிகம் ஓடுகிறது: தொப்பைக் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனாக மாற்றிவிடுகிறது என்று. இதில் உண்மை உண்டு. கொழுப்புத் திசுவில் அரோமட்டேஸ் என்ற நொதி இருக்கிறது; அது டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ரடையாலாக மாற்றும். ஆனால் இதுவே முழுக் காரணம் என்றால் டெஸ்டோஸ்டிரோன் குறைந்த பருமனான ஆண்களுக்கு எஸ்ட்ரடையால் கூடியிருக்க வேண்டும். அதே பஃபலோ குழு 2011ல் சர்க்கரை நோயாளிகளிடம் பார்த்தபோது, டெஸ்டோஸ்டிரோன் குறைந்தவர்களுக்கு எஸ்ட்ரடையாலும் குறைந்தே இருந்தது. மூலப்பொருள் இல்லாதபோது விளைபொருளும் குறைவது நியாயம்தானே. எனவே ஈஸ்ட்ரோஜனை அடக்கும் மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி விழுங்குவது ஆபத்தான வழி. ஆணின் எலும்பு உறுதிக்கும் பாலுறவு நாட்டத்துக்கும் அந்த எஸ்ட்ரடையால் தேவை.

சரி, எடை குறைந்தால் எவ்வளவு திரும்பும்?

இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரைச் சேர்ந்த ஜொவானி கொரோனாவும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2013ல் வெளியிட்ட தொகுப்பில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. உணவுக் கட்டுப்பாட்டால் உடல் எடையில் சராசரியாகப் பத்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இழந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்குச் சுமார் 80 நானோகிராம் ஏறியது. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையால் மூன்றில் ஒரு பங்கு எடையை இழந்தவர்களுக்கு ஏறியது சுமார் 250. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கடும் பருமனுள்ள ஆண்களை இரண்டு ஆண்டுகள் கவனித்தபோதும் இதே போக்கு. இரைப்பை பைபாஸ் செய்துகொண்ட 22 பேருக்குச் சராசரியாக 311 ஏறியது. செய்யாதவர்களுக்கு 14 மட்டும். கத்தியா, உணவா என்பது இதில் இரண்டாம் பட்சம். எவ்வளவு எடை போனது என்பதே எவ்வளவு ஹார்மோன் திரும்பும் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஐரோப்பிய ஆய்வு தன் ஆண்களை நாலு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து, 2013ல் இன்னொரு நுணுக்கத்தைச் சேர்த்தது. எடை இறங்க இறங்க மொத்த டெஸ்டோஸ்டிரோனும் எஸ்.எச்.பி.ஜி.யும் படிப்படியாக ஏறின. ஆனால் ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன் குறிப்பிடத்தக்க அளவில் ஏறியது 15 சதவீதத்துக்கு மேல் எடை இழந்தவர்களிடம் மட்டுமே. ஐந்து கிலோ இறக்கியவர் தன் அறிக்கையில் நல்ல மாற்றத்தைக் காணலாம். அதில் பெரும்பகுதி கல்லீரல் தேறியதால் வந்த எஸ்.எச்.பி.ஜி.யின் ஏற்றம். அதுவும் நல்ல செய்திதான், சர்க்கரைக்கும் இதயத்துக்கும். ஆனால் படுக்கையறையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லையே என்று அவர் சோர்ந்தால், காரணம் இதுவாக இருக்கலாம். இதே ஆய்வில் எடை ஏறியவர்களுக்கு எல்லா எண்களும் எதிர்த்திசையில் போயின. திரும்பிவந்த எடையோடு குறைவும் திரும்பிவரும்.

நம் கணக்காளரை ஒன்றேகால் ஆண்டு கழித்துப் பார்ப்போம். 98 கிலோவிலிருந்து 86க்கு வந்திருக்கிறார், அதாவது 12 சதவீதம். இப்படிப்பட்டவரிடம் எதிர்பார்க்கக்கூடியது: எஸ்.எச்.பி.ஜி. 14லிருந்து 22 வாக்கில், மொத்த டெஸ்டோஸ்டிரோன் 290லிருந்து 385 வாக்கில். இந்த எண்களைச் சூத்திரத்தில் போட்டால் ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன் 290லிருந்து 335க்குத்தான் வருகிறது. மொத்தம் மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது. வேலை செய்யும் பகுதி ஆறில் ஒரு பங்கு போல. ஐரோப்பிய ஆய்வு சொன்னதை ஒரே ஆளின் எண்களில் இப்படிப் பார்க்கலாம். அறிக்கையில் எல்லாம் ‘நார்மல்’ என்று வந்துவிடும். அவருக்கு உண்மையில் எவ்வளவு மாற்றம் என்பதை அந்தச் சொல் காட்டாது.

அண்மையில் வந்த எடைக்குறைப்பு ஊசிகளும் இந்தக் கணக்கில் சேர்கின்றன. செமாக்ளூடைடு, டிர்செபடைடு வகை மருந்துகளை எடுத்துக்கொண்ட 110 ஆண்களின் விவரங்களை அமெரிக்க மருத்துவர்கள் 2025ல் ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள். எடை சுமார் பத்து சதவீதம் இறங்கியபோது, டெஸ்டோஸ்டிரோன் இயல்பாக இருந்தவர்களின் பங்கு 53 சதவீதத்திலிருந்து 77 சதவீதமானது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து எடுக்காத குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் எடை இறக்கத்துக்குப் பழைய ஆய்வுகள் காட்டிய அதே திசையில்தான் இதுவும் போகிறது.

வேகமாக இறக்கினால் வேகமாகத் திரும்புமே என்று தோன்றலாம். அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் பயிற்சியில் சேரும் கட்டுமஸ்தான இளைஞர்களின் கதை இதற்கு நல்ல பதில். எட்டு வாரம் அரைப்பட்டினி, தூக்கமின்மை, ஓயாத உழைப்பு. அவர்கள் எடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் கரைந்தது. டெஸ்டோஸ்டிரோன் ஏறவில்லை, விந்தகம் நீக்கப்பட்டவர்களின் அளவுக்கு அருகில் விழுந்தது. வயிறார உணவு கிடைத்ததும் சில நாட்களில் மீண்டது. பட்டினி என்று உணரும் மூளை இனப்பெருக்கத்துக்கான கட்டளையையே நிறுத்திவைக்கிறது. பருமனானவருக்குக் கொழுப்பு இருப்பு நிறைய உள்ளதால் இந்த அளவுக்குப் போகாது. என்றாலும் கடும் டயட்டின் நடுவில் ரத்தம் எடுத்துப் பார்ப்பது தவறான எண்ணைத் தரும். எடை ஒரு நிலைக்கு வந்து, சில மாதம் அங்கேயே நின்றபின் பார்க்க வேண்டும்.

இறங்கும் எடையில் எது போகிறது என்பதும் கேள்வி. மெல்போர்னின் ஆஸ்டின் மருத்துவமனையில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்த, பருமனான 100 ஆண்களுக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு குழுவும் ஏறத்தாழ பதினோரு கிலோ இழந்திருந்தன. மருந்தில்லாத குழு கொழுப்போடு தசையையும் இழந்திருந்தது. ஊசி போட்டவர்களுக்குத் தசை பெரும்பாலும் நின்று, கொழுப்பே கரைந்திருந்தது.

இதைப் படிக்கும் எவருக்கும் அப்படியானால் ஊசியே போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் அந்தக் குழு தன் ஆட்களை ஊசி நிறுத்திய பிறகும் கவனித்தது. சுமார் இரண்டு ஆண்டுகளில் இரு குழுவுக்கும் இடையே இருந்த வித்தியாசம் மறைந்துபோனது. தசையைக் காக்க நீடித்து நிற்கும் வழி எடை தூக்கும் பயிற்சியும் போதிய புரதமும்தான். இட்லி, தோசை, சாதம் என்று மாவுச்சத்தே முக்கால் தட்டை நிரப்பும் நம் உணவில், ‘டயட்’ என்று அளவை மட்டும் பாதியாக்கினால் ஏற்கெனவே குறைவாக இருக்கும் புரதமும் பாதியாகிவிடும். முட்டை, மீன், பயறு, சுண்டல், தயிர் ஆகியவற்றைக் குறைக்காமல் சோற்றைக் குறைப்பதே தசைக்குப் பாதுகாப்பு.

டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் பற்றி மிக நேர்த்தியாகக் கேட்ட கேள்வி ஆஸ்திரேலியாவிலேயே எழுந்தது. இடுப்பு 95 சென்டிமீட்டருக்கு மேல், சர்க்கரை எல்லையில் அல்லது புதிதாகச் சர்க்கரை நோய் வந்த நிலையில் இருந்த, 50 வயது தாண்டிய 1,007 ஆண்களை கேரி விட்டர்ட் தலைமையிலான குழு சேர்த்தது. எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சித் திட்டம். அதற்குமேல் பாதிப் பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி. இரண்டு ஆண்டு முடிவில், ஊசி போடாதவர்களில் 21 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளிகளாக இருந்தார்கள். ஊசி போட்டவர்களில் 12 சதவீதம். பலன் உண்மைதான். ஆனால் ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ரத்தச் சிவப்பணுக்களின் அடர்த்தி அபாய எல்லையைத் தாண்டியது. ரத்தம் அப்படிக் கெட்டியாவது உறைவுக்கு வழிவிடும்.

அதைவிட அதிகம் கவனிக்க வேண்டியது ஊசியை நிறுத்தியபின் நடந்தது. மாடித் தொட்டி நிரம்பினால் தானாக நின்றுவிடும் மோட்டார் போல, வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் பிட்யூட்டரி எல்.எச். அனுப்புவதை நிறுத்திவிடுகிறது, விந்தகம் வேலையற்று ஓய்கிறது. இந்த ஆய்வில் பங்கேற்றவர்களுக்கு எல்.எச். பழைய நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வருடம் ஆனது. அதுவரை அவர்கள் ஊசி தொடங்கும் முன்பு இருந்ததைவிடக் குறைவான சுரப்போடு இருந்தார்கள். எடை கூடி கட்டளை மந்தமானவருக்கு, இருந்த கட்டளையையும் ஊசி நிறுத்திவிடுகிறது.

குழந்தைக்காகக் காத்திருக்கும் ஆணுக்கு இது இன்னும் பெரிய ஆபத்து. விந்தணு உருவாக, ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் விந்தகத்துக்குள்ளேயே சுரக்க வேண்டும். ஊசி அதை நிறுத்திவிடும். இந்த விளைவு எவ்வளவு உறுதியானது என்றால், உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்துப் பார்த்தது. 1990ல் வெளியான அந்த ஆய்வில், வாரம் ஒரு ஊசி போட்டுக்கொண்ட 271 ஆண்களில் 157 பேருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணுவே இல்லாமல் போனது. பருமனும் குழந்தையின்மையும் சேர்ந்து வரும் தம்பதிகள் நம் ஊர்க் கருத்தரிப்பு மையங்களில் ஏராளம். “சத்து ஊசி” என்று ஜிம்மில் யாரோ போட்டுவிட்டதை வெட்கத்தால் மருத்துவரிடம் மறைப்பவர்களும் உண்டு. அதைச் சொல்லாமல் எந்த விந்தணுச் சோதனையையும் சரியாகப் படிக்க முடியாது. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு விந்தணு திரும்பும். ஆனால் மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

எடையைக் குறைத்தும் திரும்பாதவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். தொப்பை இருக்கிறது என்பதாலேயே எல்லாக் குறைவுக்கும் தொப்பையைக் காரணம் காட்டுவது மருத்துவத்தில் நடக்கும் தவறு. எல்.எச். உயர்ந்திருந்தால் பழுது விந்தகத்தில் இருக்கிறது. சிறுவயதில் விரையைத் தாக்கிய பொன்னுக்கு வீங்கி, அடிபட்டது, பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருப்பது போன்ற காரணங்களைத் தேட வேண்டும். பிறவிக் காரணம் உள்ளவரின் விந்தகங்கள் சிறியதாக, இறுக்கமாக இருக்கும்; கையால் சோதித்தாலே மருத்துவருக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆனால் பலர் நாற்பது வயது வரை யாரும் சோதிக்காமலே வந்துவிடுகிறார்கள். இவர்களுக்கு எடைக்குறைப்பு உடம்புக்கு நல்லது, ஹார்மோனுக்கு அது போதாது. முறையான கண்காணிப்போடு டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை இவர்களுக்கு உண்மையான தேவை.

இன்னொரு வகை, எல்.எச். தாழ்ந்திருந்தும் காரணம் பருமனாக இல்லாதவர்கள். மொத்த டெஸ்டோஸ்டிரோன் 150க்கும் கீழே போயிருந்தால், தொப்பை மட்டும் அந்த அளவுக்கு இழுத்திருக்க வாய்ப்பு குறைவு. புரோலாக்டின் என்ற ஹார்மோனைப் பார்க்க வேண்டும். அது மிக உயர்ந்திருந்தால், அல்லது தீராத தலைவலியும் பக்கவாட்டுப் பார்வை மங்கலும் சேர்ந்திருந்தால், பிட்யூட்டரியில் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள். புரோலாக்டின் சுரக்கும் கட்டியாக இருந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமல் கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். டெஸ்டோஸ்டிரோனும் பலருக்குத் தானாக மீளும். வலிக்காக நீண்டநாள் ஓபியாய்டு மாத்திரை எடுப்பவர்கள், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை தொடர்ந்து விழுங்குபவர்கள் ஆகியோருக்கும் எல்.எச். அடங்கிப்போகும். ஆகவே எடையைக் குறைக்கச் சொல்லி ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் முன், எல்.எச்., புரோலாக்டின் என்ற இரண்டு சோதனைகளையும் அவர் விழுங்கும் மாத்திரைப் பட்டியலையும் மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை என்றால், கேட்டுப் பெற நோயாளிக்கு எல்லா உரிமையும் உண்டு.